ஓரத்தில் எழுதாதீர்கள்!

கே: இன்ஸ்டாகிராமில் என் சமையல் பதிவின் முதல் ஸ்லைடு ஃபீடில் சரியாகத் தெரிகிறது, ப்ரொஃபைலில் ‘கத்தரிக்காய் சாதம்’ என்ற தலைப்பின் ஓரம் வெட்டுப்படுகிறதே?

ப: கத்தரிக்காயையே கத்தரித்துவிட்டது கிரிட்! உங்கள் ஸ்லைடு 1080 × 1350, அதாவது 4:5. ப்ரொஃபைல் கட்டங்களோ 2025 முதல் 3:4. உயரம் 1350 அப்படியே இருக்க, அகலம் ஏறக்குறைய 1012 ஆகச் சுருங்கும். இருபுறமும் சுமார் 34 பிக்சல் போய்விடும். இடமிருந்து 20 பிக்சலில் தலைப்பைத் தொடங்கினால் முதல் எழுத்தே அடிபடும். 100 விட்டுத் தொடங்குங்கள். வெட்டிய பிறகும் 66 மிஞ்சும், எழுத்துக்கு மூச்சுவிட இடம் இருக்கும்.

1080 × 1440 அளவில் பதிவேற்றினால் வெட்டே விழாது. ஆனால் இன்னொரு சிக்கல் தீராது: ஒரு வரிசையில் மூன்று கட்டங்கள், ஆகவே எல்லாமே மூன்றில் ஒரு பங்காகும். 36 பிக்சல் எழுத்து 12 ஆகிவிட்டால் தமிழின் சுழிகளும் புள்ளிகளும் ஒட்டிக்கொள்ளும். தலைப்பை இரண்டு மூன்று சொற்களில், 110 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள். ‘படிப்படியான செய்முறை’ போன்ற துணைவரியை ஃபீடில் பார்ப்பவருக்கு மட்டும் சிறிதாக விடலாம். பதிவிடும் முன் ஸ்லைடை 33 சதவீதமாகச் சுருக்கிப் பாருங்கள். ‘த்’ மேல் புள்ளி தெரிகிறதா? தெரிந்தால் பதிவிடுங்கள்.