அறிகுறிகள் விளக்கப்பட்டனவாம்!

"அபாய அறிகுறிகள் விளக்கப்பட்டன." போனில் வைத்தியம் பார்க்கும் நம் மருத்துவப் பெருமக்களின் பதிவேட்டில் தவறாமல் இடம்பெறும் வாக்கியம் இது. எந்த அறிகுறி, யாரிடம், என்ன சொல்லி என்றெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு.

மாலை ஏழு மணிக்கு ஒரு தாய் அழைக்கிறார். எட்டு வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தெருவில் இரண்டு வீட்டில் டெங்கு. மருந்துக் கம்பெனி கொடுத்த நோட்டில் டாக்டர் கிறுக்குகிறார்: 'காய்ச்சல் 3 நாள், பாரா, தண்ணி, எஸ்.ஓ.எஸ்.' இரவு இந்தக் கிறுக்கலைப் பதிவாக்கும்போது நடக்கும் அற்புதத்தைப் பாருங்கள்: 'வாந்தி இல்லை. வயிற்றுவலி இல்லை. ரத்தக்கசிவு இல்லை.' கேட்கவே இல்லையே, ஐயா! கிளி ஜோசியக்காரர்கூட ஒரு சீட்டை எடுக்கவைத்துத்தான் பலன் சொல்வார்.

கேட்காததை 'கேட்கவில்லை' என்று எழுதக் கை கூசினால், திரும்ப அழைத்துக் கேளுங்கள். '9.50க்கு அழைத்துக் கேட்டேன், ஒருமுறை வாந்தி' என்று நேரத்தோடு சேருங்கள். நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கவில்லை என்பதையும் எழுதுங்கள். போனில் அவை தெரியாது என்று ஊருக்கே தெரியும்.

'பாரா' என்றால் எவ்வளவு? எடை 20 கிலோ. கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 300 மி.கி. ஐந்து மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப்பானால் 6 மில்லி, ஆறு மணி நேர இடைவெளியில். வீட்டில் கிடக்கும் ஐபுபுரூஃபென் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். இவ்வளவும் இரண்டு வரிதான்.

எனக்குக் கொதிப்பது அந்த எஸ்.ஓ.எஸ். மீது. தேவைப்பட்டால் வரவும்! எப்போது தேவை என்று தெரிந்தால் அந்தத் தாய் உங்களை ஏன் அழைக்கிறார்? டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும். அதைச் சொல்லாவிட்டால், உடம்பு குளிர்ந்ததும் 'அப்பாடா' என்று அவர் படுத்துவிடுவார்.

சொல்லியிருந்தால் பதிவு இப்படி இருக்கும்: 'காய்ச்சல் விட்டாலும் இரண்டு நாள் கவனிக்கச் சொன்னேன். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுப்பு மலம், துவண்டு கிடப்பது, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் அரசு மருத்துவமனைக்கு. தாய் திருப்பிச் சொன்னார். நாளை காலை நேரில் வர வேண்டும், ரத்தப் பரிசோதனை.'

போன் ஆலோசனைக்கும் பதிவு வைக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் நம்மவர்கள் பதிவு எழுதுவது வக்கீலுக்கு. இரவுப் பணி டாக்டருக்கு அல்ல.

தாய்மார்களே, "எதைப் பார்த்தால் இந்த ராத்திரியே ஓடி வரணும், எங்கே வரணும் டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை போனை வைக்காதீர்கள்.