ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு குளம்

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் வீட்டார் எல்லோரும் எதிரே உள்ள காலி மனையைத் திட்ட ஆரம்பிப்பார்கள். கொசு அங்கிருந்துதான் படையெடுக்கிறதாம். மாமனார் கொசு பேட்டோடு பால்கனியில் காவல் நிற்பார். பட்டென்று ஒன்று பொரிந்தால் அன்றைக்கு ராத்திரி ஒரு தோசை கூடுதலாக இறங்கும்.

மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கும் அம்மா டார்ச்சோடு வந்தார். மாமனார் காலி மனையைக் காட்டினார். அவரோ, "ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்துங்க சார்" என்றார். பின்னால், அடியிலிருந்த தட்டில் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் ஒளிந்தன.

"டெங்கு கொசு சார். சாக்கடையில அது பெரும்பாலும் இருக்காது. உங்க வீட்டுத் தண்ணி மாதிரி நல்லா இருந்தாத்தான் முட்டை போடும். அதிக தூரமும் பறக்காது."

இது பாராட்டா, திட்டா என்று மாமியார் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மணிபிளான்ட் பாட்டிலிலும் கொல்லைப்புறத்து ஆட்டுக்கல் குழியிலும் அதே குடும்பத்தின் கிளைகள் அகப்பட்டன. ஆட்டுக்கல் மாமியாரின் கல்யாணச் சீர். கிரைண்டர் வந்த பிறகு அதில் மாவு ஆட்டவில்லை, மழைதான் ஆட்டுகிறது.

"கொட்டிட்டாப் போச்சு" என்றார் மாமனார்.

போகாதாம். கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டைகளை ஒட்டிவிடும். அவை காய்ந்தே மாதக்கணக்கில் காத்திருக்கும்; அடுத்த மழையில் தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரியும். அதனால் கொட்டிவிட்டு, தேங்காய் நார் போட்டு உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்தாலே வம்சம் அறுந்துவிடும். ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க ஆள் பலம் போதவில்லை; குழியை மணலால் நிரப்பினோம். மேல்தொட்டி மூடியை இறுக்கி, வழியும் குழாய் வாயில் வலைத்துணி கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை தேய்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை மரியாதை அவ்வளவுதான்.

கொசுவலையும் வந்தது. இந்தக் கொசு காலையிலும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னும்தான் அதிகம் கடிக்கும் என்று கேட்ட மாமனார், அதைச் சாக்காக வைத்துப் பகல் தூக்கத்தையும் வலைக்குள் மாற்றிக்கொண்டார். ராத்திரிக்கும் வலை வேண்டும். சாக்கடைக் கொசுவின் ஷிஃப்ட் அப்போதுதான். ஓரங்களை மெத்தைக்கடியில் செருகினால் மட்டும் போதாது, உடம்பு வலையில் ஒட்டக் கூடாது. அவரோ கையை வலையோடு சாய்த்துத் தூங்குவார். வெளியே நின்றபடியே கொசு விருந்து முடித்துக்கொள்ளும்.

கொசுவர்த்திச் சுருளை மூடிய அறையில் ஏற்றினால் கொசுவுக்கு முன் நாங்கள் இருமுகிறோம். பகலுக்குக் கிரீம்தான் சரிப்படுகிறது. கணுக்கால், பாதம் என்று திறந்திருக்கும் இடமெல்லாம் தடவச் சொன்னேன். மாமனார் மொத்தத்தையும் வழுக்கைத் தலையில் தேய்த்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி வெளியே உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, இந்தக் கிரீம் போலி" என்றார், கணுக்காலைச் சொறிந்தபடி.