இறங்கும் முன் இரங்கல்

காலை ஒன்பதே காலுக்குத்தான் சந்தை திறக்கும். ஒன்பது ஐந்துக்கே இவரிடமிருந்து ஃபோன் வந்துவிடும். நலம் விசாரிக்க மாட்டார். இன்றைக்கு என்ன வாங்கப் போகிறோம் என்று கேட்பார். நாமும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிடுவோம்.

"சரிங்க, வாங்கிட்டீங்க. மூணு வாரம் ஆச்சு. செத்துப்போச்சு. எப்படிங்க செத்துச்சு?"

கோயம்புத்தூர்க்காரர் என்பதால் சாவைக்கூட இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார். எனக்கு இவர் சகலை. உங்களுக்குச் சித்தப்பாவாகவோ மாடிவீட்டுக்காரராகவோ இருப்பார். பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பவர், கடன் கொடுத்தால் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குபவர். இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது அவருடைய நீள நோட்டு.

அதில் பக்கத்துக்கு ஒரு பங்கு. மேலே பெயர். அதற்குக் கீழே இடது ஓரத்தில் 'தோற்றம்' என்று போட்டு, வாங்கப் போகும் தேதி. வலது ஓரத்தில் 'மறைவு' என்று போட்டு, மூன்று வாரம் தள்ளி ஒரு தேதி. நடுவில் இறப்புக்கான காரணங்கள், மூன்றுக்கு மிகாமல். அடியில் 'இப்படிக்குத் துயருறும்' என்று தன் பெயர். இன்னும் ஒரு பங்குகூட வாங்கியிருக்க மாட்டார். "விடிஞ்சதும் விடியாததுமா எழவு எழுதறாரு" என்று என் மனைவியின் அக்கா தலையில் அடித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

கேட்டால் கேரி க்ளைன் என்பார். ஏதோ பொள்ளாச்சிப் பக்கத்துப் பங்காளி மாதிரிதான் அந்தப் பெயரைச் சொல்வார். க்ளைன் அமெரிக்க உளவியலாளர். ஒரு திட்டத்தைத் தொடங்கும் முன்பே அது தோற்றுப்போய்விட்டதாக வைத்துக்கொண்டு காரணங்களை எழுதிப் பார்க்கச் சொல்லி, 2007-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார். கம்பெனித் திட்டங்களுக்காகச் சொன்னது அது. சகலை அதைப் பங்குச் சந்தைக்குக் கடத்திக்கொண்டு வந்துவிட்டார்.

இதில் ஒரு சூட்சுமம் இருப்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "தோற்றால் என்ன ஆகும்?" என்று கேட்டால், வாங்கும் ஆசையில் இருப்பவன் "அதெல்லாம் ஆகாது" என்பான். "தோற்றுவிட்டது, ஏன்?" என்று கேட்டால் பதில் வந்தே தீரும். எழவு வீட்டு வாசலில் போட்ட நாற்காலிகளில் காரணம் தெரியாத ஆள் ஒருவராவது உட்கார்ந்திருப்பாரா? "சுகர் இருந்துச்சு, அன்னைக்கே சொன்னேன்" என்பவர்கள் எல்லாம் அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது அவர் தட்டில் இரண்டாவது ஜிலேபியை வைத்தவர்கள்தான். நடந்து முடிந்ததற்குக் காரணம் சொல்வதில் மனிதனை மிஞ்ச ஆள் இல்லை. அந்த வாயைப் பணம் போடும் முன்பே திறக்க வைப்பதுதான் சகலையின் வித்தை.

என் அக்கா மகன் ஒரு சிமென்ட் பங்கோடு இவரிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னால் விளங்கும். ஆறு வாரமாக அந்தப் பங்கு 380-க்கும் 408-க்கும் நடுவிலேயே உலாத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் 408-ஐத் தாண்டி 412-ல் முடிந்தது. பெட்டியின் உயரம் 28 ரூபாய். உடைத்த இடத்திலிருந்து அதே உயரம் மேலே போனால் 436 என்பது சார்ட் பார்ப்பவர்களின் பால பாடம். 412-க்கு ஆயிரம் பங்கு வாங்குவது, 404-ல் ஸ்டாப்லாஸ் வைப்பது என்று பையன் முடிவு செய்திருந்தான். வந்தால் 24 ரூபாய், போனால் 8 ரூபாய். ஒன்றுக்கு மூன்று.

"404 எதுக்குங்க தம்பி?"

"எட்டாயிரத்துக்கு மேல நஷ்டம் தாங்காது மாமா. ஆயிரம் பங்குக்கு எட்டு ரூபா."

"அது உங்க பர்ஸோட கணக்கு. பங்குக்கு உங்க பர்ஸ் தெரியுமுங்களா? சரி, செத்துப்போச்சு. எழுதுங்க."

பையன் எழுதினான். முதல் காரணம்: மார்க்கெட்டே விழுந்துவிட்டது. சகலை அடித்தார். "அது ஊருக்கே வந்த சாவு. இதுக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு எழுதுங்க." அடுத்தது: ஆபரேட்டர் கவிழ்த்துவிட்டான். அதையும் அடித்தார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: காரணம் என்று எழுதினால், அது நடக்கும்போது சார்ட்டில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாதது காரணம் ஆகாது, புலம்பல்.

கடைசியில் பையன் கடுப்பாகி எழுதினான்: "404-ஐத் தொட்டது, ஸ்டாப்லாஸ் அடித்தது, மறுநாள் 425-க்குப் போனது."

சகலைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "இது சாவே இல்லைங்க தம்பி. உயிரோட இருக்கறதைக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டீங்க!"

பிறகு கணக்கைத் திறந்தார். கடந்த பதினான்கு நாட்களில் அந்தப் பங்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 9 ரூபாய் மேலும் கீழும் ஆடியிருக்கிறது. அப்படியானால் எட்டு ரூபாய் தள்ளி வைத்த ஸ்டாப்லாஸை அது சும்மா மூச்சு விடும்போதே தொட்டுவிடும். தொட்டால் பணம் போகும், ஆனால் பையன் நினைத்தது தப்பு என்று ஆகாது. தப்பு என்று ஆவது எங்கே? பெட்டியை உடைக்கும் முன்பு கடைசியாக விலை 396 வரை இறங்கியது. அங்கேதான் வாங்குகிறவர்கள் உள்ளே வந்து 412 வரை தூக்கிக்கொண்டு போனார்கள். விலை திரும்பப் பெட்டிக்குள் வந்து அந்த 396-உம் உடைந்தால், தூக்கியவர்கள் கையை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். தொட்டுவிட்டுத் திரும்புவதற்கு இரண்டு ரூபாய் இடம் விட்டால் 394. மரணச் சான்றிதழில் எழுத வேண்டிய எண் அதுதான்.

பையன் முகம் மலர்ந்தது. ஸ்டாப்லாஸ் தள்ளிப் போனதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். சகலை அடுத்த வரியை எழுதினார். 412-க்கும் 394-க்கும் நடுவே 18 ரூபாய். தாங்கும் நஷ்டம் அதே எட்டாயிரம். அப்படியானால் 444 பங்குதான், ஆயிரம் அல்ல. வந்தால் 24, போனால் 18. ஒன்றுக்கு ஒன்றரைகூட இல்லை.

"ஒண்ணுக்கு மூணுன்னு சொன்னது பங்கு கொடுத்த கணக்கில்லைங்க. ஸ்டாப்லாஸைக் கிட்டக்க வெச்சு நீங்களே கொடுத்துக்கிட்டது."

எனக்கும் இந்த மனிதர் மேல் கொஞ்சம் மரியாதை வந்த இடம் இதுதான். பாதிப் பேர் ஸ்டாப்லாஸ் வைப்பதே இப்படித்தான்: முதலில் எத்தனை பங்கு என்று ஆசைப்படுகிறோம், பிறகு எவ்வளவு நஷ்டம் தாங்கும் என்று பார்க்கிறோம், நஷ்டத்தைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை ஏதோ சார்ட் சொன்னதுபோலப் போட்டுவிடுகிறோம். இரங்கல் எழுதினால் வரிசை தலைகீழாகிறது. சாகும் இடம் முதலில், எத்தனை பங்கு என்பது கடைசியில்.

412-க்கு வேண்டாம், உடைத்த பெட்டியைத் தொட்டுப் பார்க்க விலை அடிக்கடி திரும்பி வரும், 406-க்கு வந்தால் வாங்கலாம் என்று தீர்ப்பானது. அங்கே போனால் 12, வந்தால் 30. பங்கு 666 வரை வாங்கலாம். அத்தோடு விட்டாரா? காலாண்டு முடிவு வரும் தேதியைக் கேட்டார். பையன் சொன்னான். "அன்னைக்கு ராத்திரி முடிவு மோசமா வந்து, காலையில 370-ல திறக்குது. 394-ல ஸ்டாப்லாஸ் வெச்சிருக்கீங்க. எவ்வளவுக்கு விக்கும்?" 370-க்குத்தான் விற்கும். பங்குக்கு 36 ரூபாய், மொத்தம் 23,976. எட்டாயிரத்துக்கு மூன்று மடங்கு. இந்தச் சாவுக்கு எந்த விலையில் ஸ்டாப்லாஸ் வைத்தாலும் பிரயோஜனமில்லை. ஆகையால் சிவப்புப் பேனாவால் விலைக்குப் பதில் தேதியை எழுதினார்: முடிவுக்கு முந்தின நாள், வெளியே.

பங்கு 406-க்கு வரவே இல்லை. 431 வரை போனது. அக்கா மகன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. சகலை அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, "பொறக்காததுக்குச் சாவு இல்லைங்க" என்றார். பையன் அவரை அடிக்காமல் விட்டது வளர்ப்பு நல்லதாக இருந்ததால்தான். தினமும் எழவு எழுதுகிறவருக்கு எல்லாப் பங்கும் நோயாளியாகவே தெரியும். முக்கால்வாசி நாள் வாங்கவே மாட்டார். காரணம் மூன்றுக்கு மேல் எழுதக்கூடாது என்று அவரே வைத்துக்கொண்ட சட்டம் அதற்குத்தான். நான்காவதை எழுத ஆரம்பித்தால் கையில் வங்கி டெபாசிட் தவிர எதுவும் நிற்காது.

இதுவரை சொன்னது பாராட்டு மாதிரி இருக்கிறதா? இனி சொல்வதைக் கேளுங்கள்.

பங்குக்கு இத்தனை சடங்கு செய்கிற இதே மனிதர், எக்ஸ்பைரி நாளில் மதியம் இரண்டு மணிக்கு நிஃப்டி ஆப்ஷன் வாங்குகிறார். நோட்டு இல்லை, பேனா இல்லை, ஸ்டாப்லாஸும் இல்லை. கேட்டால், "ஒண்ணரை மணி நேரத்துக்கு என்னத்தைங்க எழுதறது?" என்கிறார். மறைவுத் தேதி அச்சடித்தே விற்கப்படுகிற சரக்கு ஆப்ஷன். நாம் வாங்கின விலைமட்டத்துக்கு நிஃப்டி வந்து சேராவிட்டால் மூன்றரை மணிக்கு அதன் மதிப்பு பூஜ்யம். காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. பார்க்கப்போனால் இரங்கல் எழுதியே ஆக வேண்டியது அதற்குத்தான்.

ஒன்றரை ரூபாய் வித்தியாசத்துக்கு ஊரையே அழைத்து விசாரணை வைக்கிறவர், இங்கே மட்டும் யாருக்கும் ஃபோன் செய்வதில்லை. போன பணத்தின் கணக்கு என் மனைவியின் அக்காவுக்கும் தெரியாது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டதாக செபி கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையை எனக்கு அனுப்பி வைத்ததே இவர்தான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுச் சகலை காலை ஒன்பது ஐந்துக்கு அழைத்தால் எரிச்சலை அடக்கிக்கொண்டு எடுங்கள். எப்படிச் செத்தது என்று சொல்லிவிட்டு, அந்த விலையை எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எத்தனை பங்கு என்று முடிவு செய்யுங்கள். எக்ஸ்பைரி நாள் மதியம் நீங்கள் அவரை அழையுங்கள். அதே கேள்வியை, அதே மரியாதையோடு கேளுங்கள்.