போகாதே என்றேன், போ என்று கேட்டது

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் ஐந்து பேர் கணினியில் கூடி எதிரிகளைச் சுடுவது வழக்கம். ஐவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. கல்லூரி விடுதியில் ஆரம்பித்த கெட்ட பழக்கம். இப்போது ஒருவன் சேலத்தில், ஒருவன் சிங்கப்பூரில், நான் மதுரையில். டிஸ்கார்டில் குரலைச் சேர்த்துக்கொண்டு ஆடுவோம்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை ஒன்பது மணி என்பது மாவாட்டும் நேரம். கிரைண்டர் ஓடும். பக்கத்திலேயே சட்னிக்கு மிக்சி. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் டிவியின் ஒலி அளவு 38-இல் நிற்கும். அம்மா சீரியல் பார்ப்பார், அப்பாவுக்காக ஒவ்வொரு வசனத்தையும் இன்னொரு முறை உரக்கச் சொல்வார். இத்தனைக்கும் நடுவே, கூடத்து மூலையில், என் மேஜை. தனியறை கேட்டிருக்கலாம். நாற்பத்திரண்டு வயதில் எதற்கு என்று கேட்டால் சொல்லப் பதில் வேண்டுமே.

முதல் புகார் சேலத்திலிருந்து வந்தது. "மாப்ள, நீ பேசறது கேக்கல. உங்க வீட்டு மிக்சி பேசறது நல்லாக் கேக்குது."

மைக் நல்ல மைக்தான். யு.எஸ்.பி.யில் செருகுவது. கீபோர்டுக்குப் பின்னால், வாயிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, சின்ன கோயில் கலசம்போல உட்கார்ந்திருக்கும். எனக்குத் தோன்றிய வைத்தியம், அதன் ஒலிவாங்கும் அளவைக் கூட்டுவது. கூட்டினேன். என் குரல் பெரிதானது. மிக்சியும் அதே அளவு பெரிதானது. இன்னும் கூட்டியபோது, அதுவரை யாரும் அறியாதிருந்த சீலிங் ஃபேனும் உரையாடலில் சேர்ந்துகொண்டது.

அடுத்து இரைச்சல் நீக்கியைப் போட்டேன். டிஸ்கார்டின் அமைப்புகளில் Voice & Video என்ற பகுதிக்குள் Noise Suppression என்று இருக்கும், அதில் Krisp-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த மாதிரி நீக்கிகள் எது மனிதக் குரல், எது இல்லை என்று ஏராளமான ஒலிகளைக் கேட்டுப் பழக்கப்பட்டவை. குரலை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். கிரைண்டர் காணாமல் போனது. ஃபேன் போனது. குக்கர் விசில் அடித்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்த மூன்றாவது நிமிடத்தில் சிங்கப்பூர்க்காரன் கேட்டான்.

"அந்த மருமக நகையைத் திருடலைன்னு மாமியாருக்கு எப்படா தெரியும்?"

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. சீரியலில் பேசுவதும் மனிதக் குரல்தான். அம்மா திரும்பச் சொல்வதும் மனிதக் குரல்தான். நீக்கி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. இதுவரை வசனத்தை மறைத்துக்கொண்டிருந்த மிக்சியை எடுத்துவிட்டு, பின்னணி இசையையும் முடிந்தவரை உரித்துவிட்டு, வசனத்தைத் துல்லியமாக்கி நான்கு பேருக்கும் அனுப்பிவிட்டது. அதோடு, மிக்சி ஓடும்போதே நானும் பேசினால், இரண்டையும் பிரிக்கத் திணறி என் குரலிலும் கொஞ்சம் கடித்து எடுத்துவிடும். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது என்றார்கள்.

அப்போதுதான் ஆத்திரத்தை விட்டு, நீக்கியையும் அணைத்துவிட்டு, அளவெடுக்க உட்கார்ந்தேன். Input Sensitivity என்று ஒரு கோடு இருக்கிறது. அதைத் தானாக முடிவு செய்யவிடாமல் நிறுத்தினால், உள்ளே வரும் ஒலி எவ்வளவு என்பது டெசிபலில் ஏறி இறங்குவது தெரியும். பூஜ்யம்தான் உச்சம், மெல்லிய ஒலி மைனஸில் கீழே போகும். கோட்டைத் தாண்டிய ஒலி மட்டும் வெளியே போகும், தாண்டாதது வீட்டோடு நிற்கும். அளவெடுப்பதற்கு முன் Automatic Gain Control என்பதை அணைத்துவிட வேண்டும். நாம் சும்மா இருந்தால் அளவைத் தானாக ஏற்றி, பேசினால் இறக்கும் வேலை அதனுடையது. தராசை ஒருவர் ஆட்டிக்கொண்டே இருந்தால் எப்படி நிறுப்பது?

என் குரல் சுமார் மைனஸ் 35. சமையலறையில், நான்கு மீட்டர் தள்ளி, மிக்சி மைனஸ் 32. அதாவது என் வீட்டில் என்னைவிட மிக்சிக்கு மூன்று டெசிபல் மரியாதை அதிகம். கோட்டை எங்கே போட்டாலும் மிக்சி முதலில் தாண்டும், நான் பின்னால் வருவேன்.

மைக்கை நெருக்கமாகக் கொண்டுவந்தால் கதை மாறும். தூரம் பாதியாகும்போது குரல் சுமார் ஆறு டெசிபல் ஏறும். நாற்பதிலிருந்து இருபது, பத்து, ஐந்து சென்டிமீட்டர் என்று மூன்று முறை பாதியாக்கினால் பதினெட்டு. மிக்சிக்கோ நான்கு மீட்டரில் ஒரு முழம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அளவைக் கூட்டும்போது இரண்டும் சேர்ந்து ஏறியது, மைக்கை நகர்த்தும்போது நான் மட்டும் ஏறினேன்.

மேஜை விளக்கின் வளையும் கையில் பழைய துணி வைத்து மைக்கைக் கட்டினேன். வாய்க்கு நேராக வைத்தால் 'ப'கரம் வரும்போதெல்லாம் காற்று அடித்து வெடிக்கும் என்பதால், கடைவாய்ப் பக்கமாகச் சற்றுத் தள்ளி. இப்போது என் குரல் மைனஸ் 17, மிக்சி பழையபடி மைனஸ் 32. கோட்டை மைனஸ் 25-இல் போட்டேன். விளக்கு இருந்த இடத்தில் இருட்டாகிவிட்டது, அது வேறு விஷயம்.

இரண்டு வாரம் நிம்மதி. மூன்றாவது வாரம் அம்மா என் பின்னால் வந்து நின்று, "சட்னிக்குத் தேங்காய் பத்தலைப்பா" என்றார். அம்மாவின் குரல் எந்தக் கோட்டுக்கும் அடங்கிய குரல் இல்லை. எதிரி படியேறி வரும் சத்தத்தைக் காது தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த நான்கு பேருக்கும் தேங்காய் பற்றாக்குறை தெரிந்துவிட்டது. சேலம் செத்தான்.

ஆகவே பொத்தானுக்கு மாறினேன். Push to Talk. அழுத்தினால் பேச்சு, விட்டால் மௌனம். போலீஸ்காரர் வாக்கி டாக்கியில் செய்வது. கீபோர்டில் வைத்துக்கொண்டால் ஓடும் விரலுக்கு இடைஞ்சல் என்பதால், மவுஸின் பக்கவாட்டில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பொத்தானைக் கொடுத்தேன். முதல் நாள் அது வேலை செய்யவே இல்லை. விளையாட்டை விட்டு வெளியே வந்தால் என் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் எரிகிறது, உள்ளே போனால் எரியவில்லை. காரணம் அற்பமானது. விளையாட்டை நிர்வாகி உரிமையோடு திறந்திருந்தேன், டிஸ்கார்டைச் சாதாரணமாகத் திறந்திருந்தேன். மேல் சாதி நிரலுக்குள் அழுத்தும் பொத்தானைக் கீழே இருப்பது எட்டிப் பார்க்க விண்டோஸ் விடாது. இரண்டையும் ஒரே உரிமையில் திறந்ததும் சமத்துவம் மலர்ந்து வளையம் எரிந்தது.

அன்றிரவுதான் அந்த விபத்து. ஒரு கிடங்கின் வாசலில் சிங்கப்பூர்க்காரன் நிற்கிறான். உள்ளே மூன்று பேர் ஒளிந்திருப்பதை நான் மாடியிலிருந்து பார்த்துவிட்டேன். பொத்தானை அழுத்தி, "டேய், உள்ளே போகாதே!" என்றேன்.

அவன் உள்ளே போனான்.

"நீதானடா போன்னு சொன்னே!" என்று செத்த பிறகு கத்தினான். மற்ற மூவரும் சாட்சி சொன்னார்கள். நான் போகாதே என்றது எனக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

அரை மணி நேரம் சண்டை போட்ட பின்தான் புரிந்தது. பதற்றத்தில், பேசி முடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே விரலை எடுத்துவிடுகிறேன். வேறு சில மொழிகளில் மறுப்பு முன்னால் வந்து நிற்கும், பின்பாதி போனாலும் ஆபத்தில்லை. தமிழில் மறுப்பு வினையின் வாலில் இருக்கிறது. போகாதே என்பதில் வாலை நறுக்கினால் மிஞ்சுவது போ. 'பின்னாடி வரலை' என்றால் 'பின்னாடி வர'. 'அவன்கிட்ட துப்பாக்கி இல்லை' என்றால் வெறும் 'அவன்கிட்ட துப்பாக்கி'. விரல் கால் நொடி முந்தினால் எச்சரிக்கை எல்லாம் கட்டளையாகிவிடுகிறது. அதற்கு முந்தைய சில தோல்விகளுக்கும் இப்போது விளக்கம் கிடைத்தது, ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு மருந்தாக Push to Talk Release Delay என்று ஒரு நகர்த்தி இருக்கிறது. விரலை எடுத்த பின்னும் எவ்வளவு நேரம் மைக் திறந்திருக்க வேண்டும் என்பதை மில்லிநொடியில் சொல்லலாம். என்னுடையது அடிமட்டத்தில் கிடந்தது. முதலில் ஒரு நொடியாக வைத்துப் பார்த்தேன். "சரி, வர்றேன்" என்று சொல்லி விரலை எடுத்து, "இவனுக்கு எத்தனை தடவை சொல்றது" என்று முணுமுணுத்ததும் ஒரு எழுத்து விடாமல் போய்ச் சேர்ந்தது. 300-க்கு இறக்கினேன். 'காதே' முழுதாகப் போகிறது, முணுமுணுப்பு வீட்டிலேயே தங்குகிறது. முன்பக்கம் வெட்டுப்படுவதற்கு நகர்த்தி எதுவும் கிடையாது. அழுத்திய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் "டேய்" என்று தொடங்குபவன், வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை.

அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கினேன். என்ன பிடித்துப்போனதோ, இப்போதெல்லாம் பேசுமுன் பக்கத்தில் வந்து என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். விரல் எழும்பியதும், "இட்லியா, தோசையா?" என்கிறார். அப்பா மட்டும் இன்னும், "யாரோட சண்டை?" என்று கேட்கிறார்.

போன சனிக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன் சேலத்துக்காரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மாப்ள, ஒண்ணும் நினைச்சுக்காதே. உங்க வீட்டுச் சத்தம் நின்னதுலேர்ந்து அந்த நகை விஷயம் என்னாச்சுன்னே தெரியல."

ஹெட்போனைக் கழற்றி அம்மாவிடம் சொன்னேன். கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டார், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு விளக்குக் கையில் தொங்கிய மைக்கை நோக்கிக் குனிந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். போன மாதம் கல்யாண மண்டபத்தில் நடந்ததிலிருந்து ஆரம்பித்தார். நாத்தனார் பீரோவைத் திறந்த இடத்தில் மூச்சு வாங்கினார். முடிந்ததோ என்று விரல் லேசாக எழும்பியது.

"கையை எடுக்காதே," என்றார் அம்மா. "இன்னும் இருக்கு."