பேராண்டி, முதல்ல கழிவறையைக் காட்டு

ஏண்டா பேராண்டி, நுவரெலியா தோட்டத்துல வெள்ளைக்காரவுகளுக்குச் சுத்திக் காட்டுற வேலை கிடைச்சிருச்சாமே? நேத்து ராத்திரி லயத்துச் சுவரைப் பாத்துக்கிட்டு நீ மனப்பாடம் பண்ணுனதைக் கேட்டேன். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்"னு ஆரம்பிச்சு, சொர்க்கம், மேகம், பச்சைக் கம்பளம்னு ஒரு முழு பக்கம். சுவர் பாவம், ஓட முடியாது. வந்தவுக ஓடிருவாக.

கண்டியிலேருந்து வேன்ல கிட்டத்தட்ட மூணு மணி நேரம் வளைஞ்சு வளைஞ்சு வர்றாக. பாதிப் பேருக்குத் தலை சுத்தும், மீதிப் பேருக்கு வேற அவசரம். நீ கையைக் கூப்பி "வணக்கம், வெல்கம்"னு சொல்லு. சிங்களத்துல "ஆயுபோவன்"னும் சேத்துக்க, ரெண்டுக்கும் கை கூப்புறது ஒண்ணுதான். அடுத்த வார்த்தை "டாய்லெட் திஸ் வே." அதுக்கப்புறம் தண்ணி. இந்த மூணையும் முடிச்சிட்டா, நீ பேசுறதை அவுக காது கொடுத்துக் கேப்பாக.

மலை ஏறும் முன்னால "ஸ்லோலி ப்ளீஸ், ஸ்லிப்பரி"ன்னு சொல்லு. மழைக்காலம்னா அட்டை இருக்குன்னு முன்கூட்டியே சொல்லிரு. சொல்லாம விட்டா, மொத அட்டை கடிச்சதும் அவுக போடுற சத்தத்துல கொழுந்து பறிக்கிற பொம்பளையெல்லாம் கூடையை விட்டுட்டு ஓடி வந்துருவாக. அப்புறம் கங்காணி உன்னைத்தான் தேடுவான்.

பறிக்கிறவுககிட்ட நின்னதும் கதை அளக்காதே. நீயே ரெண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி அவுக கையில வை. "டூ லீவ்ஸ், ஒன் பட்"னு சொல்லிட்டு வாயை மூடு. அவுக முகர்ந்து பாப்பாக. தேயிலை வாசனை வராது, வெறும் பச்சை வாசனைதான். "வேர் இஸ் த டீ?"ன்னு கேப்பாக. அந்தக் கேள்விதான் உனக்கு வேணும். "கம் டு த ஃபேக்டரி"ன்னு கூட்டிட்டுப் போ.

இங்கதான் எல்லாப் பயலும் கோட்டை விடுறான். உருளை மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டுக் கத்துவான். அந்த இரைச்சல்ல எவனுக்குக் கேக்கும்? தலையை மட்டும் ஆட்டுவாக. கேட்டாச்சுன்னு நெனச்சுக்காதே, அது மரியாதை. சொல்லுறதையெல்லாம் வாசல்லயே சொல்லிரு, உள்ளே கையைக் காட்டினா போதும்.

வாசல்ல என்ன சொல்லுவ? மேல்மாடித் தொட்டியில கொழுந்தைப் பரப்பி, பத்துப் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல காத்து விட்டு வாட்டுறோம். வாடுனதை மெஷின் உருட்டி நசுக்கும். நசுங்குன சாறுல காத்து பட்டு இலை செவக்கும். இதை மட்டும் "லைக் எ கட் ஆப்பிள்"னு சொல்லு, எந்த நாட்டுக்காரனுக்கும் வெளங்கும். வேண்டிய அளவு செவந்ததும் சூட்டு மெஷின்ல போட்டு நிப்பாட்டுறோம். வெளிய வரும்போது ஈரம் நூத்துக்கு மூணு பங்குதான் மிஞ்சும். பச்சைத் தேயிலைன்னா செவக்க விடாம முதல்லயே சூடு காட்டிருவாக. செடி ஒண்ணுதான். இதைச் சொன்னா புருவம் தூக்குவாக, அந்தப் புருவத்துக்காகத்தான் சொல்றது.

'ஆரஞ்சு பீக்கோ' மூட்டையைக் காட்டினா ஆரஞ்சுப் பழத்தைத் தேடுவாக. சிரிக்காதே. "நோ ஆரஞ்ச், ஒன்லி லீஃப் கிரேட்"னு சொல்லு. சலிச்சுப் பிரிச்ச இலைக்கு வச்ச பேர்னு அவுகளுக்கு வெளங்கினா போதும்.

கணக்குக் கேக்குற ஆளு ஒருத்தர் எப்பவும் வருவார். அவருக்கு இதைச் சொல்லு. ஒரு அக்கா 18 கிலோ கொழுந்து பறிச்சா, நாலரை கிலோவுக்கு ஒரு கிலோன்னு, 4 கிலோ தூள் வரும். கோப்பைக்கு 2 கிராம்னா 2,000 கோப்பை. அந்த மனுஷன் அப்புறம் தன் கோப்பையைக் கொஞ்சம் மெதுவாக் குடிப்பார்.

குடிக்கக் கொடுக்கிறப்போ முதல் வாய் பால் இல்லாம, சீனி இல்லாம. "ஃபர்ஸ்ட் ப்ளெயின், தென் மில்க்." மூஞ்சி சுளிச்சா பாலை நீட்டு, வாக்குவாதம் பண்ணாதே.

போட்டோ எடுக்கிறதுன்னா, நீ போய் முதல்ல அக்காகிட்ட கேளு. "ஷீ சேஸ் ஓகே"ன்னா எடுக்கட்டும். அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா "சாரி, நாட் டுடே." சம்பளம் எவ்வளவுன்னு கேப்பாக. கேட்டா நீ வானத்தைப் பாக்காதே, முதலாளி மூஞ்சியையும் பாக்காதே. "ஆஸ்க் ஹெர், ஐ வில் டிரான்ஸ்லேட்"னு சொல்லிட்டு, அவ சொல்றதை ஒரு வார்த்தை குறைக்காம சொல்லு. அதுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியணும்? எண்ணத் தெரிஞ்சா போதும்டா. அந்தப் பச்சைக் கம்பளப் பக்கத்தை அடுப்புக்கிட்ட வை, நாளைக்கு ஈர வெறகு பத்தவைக்க ஆகும்.