பால்கோவா சித்தப்பா அச்சேறிய கதை

அத்தைக்கு இந்த ஆடியில் எழுபது. "சேலை வேண்டாம், தோடு வேண்டாம். நம்ம குரூப்புல பேசினதையெல்லாம் படத்தோட ஒரு புஸ்தகமாப் போட்டுக் குடுங்க. கண்ணு மங்கிப்போனா அந்தப் போனை யாரு தள்ளித் தள்ளிப் பார்க்கிறது?" என்றார். கண் மங்கினால் புத்தகம் மட்டும் எப்படித் தெரியும் என்று அத்தையிடம் கேட்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அத்தை இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், நான் ராஜபாளையத்தில். நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம் இருக்கிறது என்ற துணிச்சலில் "ஆகட்டும் அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் குரூப்பைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, More, பிறகு Export chat என்று கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு கேள்வி கேட்கும்: படங்களோடு வேண்டுமா, வேண்டாமா? பேராசையில் Include media என்றேன். கடைசிப் பத்தாயிரம் செய்திகள் வந்தன. படங்களோடு கேட்டால் அவ்வளவுதான் தரும். எங்கள் குரூப்பில் இருப்பது இருபத்திரண்டாயிரம். காலையில் பூ படமும் இரவில் நிலா படமும் போடுகிறவர்கள் ஒன்பது பேர் இருக்கிற குடும்பத்தில் பத்தாயிரம் என்பது எத்தனை நாளைக்குக் காணும்? மூத்த அண்ணன் கல்யாணமே பிடியில் சிக்கவில்லை. படம் வேண்டாம் என்று கேட்டால் நாற்பதாயிரம் வரை தரும், ஆனால் படம் இருந்த இடத்தில் எல்லாம் `<Media omitted>` என்று ஒரே வரி. ஆகவே இரண்டு முறையும் எடுத்துக்கொண்டேன். புதிய காலத்துக்கு முதல் கோப்பு, பழைய காலத்துக்கு இரண்டாவது கோப்பும் போனின் WhatsApp Images கோப்புறையும். நான் அனுப்பிய படங்கள் அந்தக் கோப்புறைக்குள் Sent என்று தனி அறையில் இருக்கும். இது தெரியாமல், நான் ஒரு படம்கூட எடுக்காத பிள்ளை என்று இரண்டு நாள் வருந்தினேன்.

முதல் கோப்பில் ஒரு செய்தி இப்படி இருக்கும்:

```
22/07/23, 7:41 am - பால்கோவா சித்தப்பா: IMG-20230722-WA0007.jpg (file attached)
தேர் கிளம்பப் போகுது
```

அது 2023 ஆடிப்பூரத் தேர். படத்தின் பெயரிலேயே ஆண்டு, மாதம், தேதி என்று ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். கடைசியில் உள்ள எண் அன்றைக்குப் போனுக்கு வந்த வரிசை. எல்லாக் குரூப்புக்கும் சேர்த்து ஒரே எண்ணிக்கை என்பதால், எங்கள் தேருக்கும் அத்தையின் சேலைக்கும் நடுவே யாரோ அனுப்பிய மூட்டுவலித் தைல விளம்பரம் வந்து நிற்கும். லேப்டாப்புக்கு மாற்றிய பிறகு படங்களைத் தேதிப்படி அடுக்கக் கூடாது. பல சமயம் அது காட்டுவது நான் மாற்றிய செவ்வாய்க்கிழமையைத்தான். பெயர்ப்படி அடுக்கினால் தானாக நேராகிவிடும்.

இந்த வெற்றியில் தலை கனத்து, பேச்சையும் அடுக்கிப் பார்க்கலாம் என்று எக்ஸெலில் வரிக்கு ஒரு கட்டமாக ஒட்டி, Sort என்று அழுத்தினேன். செய்யாதீர்கள். அந்தக் கோப்பு ஏற்கெனவே வரிசையில்தான் இருக்கிறது. எக்ஸெல் அதை வெறும் எழுத்தாகப் பார்க்கும். தேதியில் நாள் முதலில் வருவதால் எல்லா வருஷத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றுகூடின. இதைவிடப் பெரிய கூத்து, ஒரே செய்தியின் இரண்டாவது, மூன்றாவது வரிகளுக்குத் தேதி கிடையாது. அவை எல்லாம் சொந்தச் செய்தியை விட்டு ஓடிப்போய்க் கடைசியில் அகர வரிசையில் நின்றன. அத்தையின் மாங்காய் ஊறுகாய்ப் பக்குவமும் ஓர் இரங்கல் செய்தியும் கலந்து, புத்தகத்தின் இறுதி அத்தியாயம் இப்படி அமைந்தது: "ஆன்மா சாந்தியடையட்டும். உப்பு அரைப்படி. எண்ணெய் மேலே நிற்கணும். ஓம் சாந்தி."

திரும்பவும் எடுத்து, அடுக்காமல் வைத்தபோது இன்னொன்று தெரிந்தது. ஒரு செய்தியைப் பிடித்து இழுத்துப் பதில் போடுகிறோமே, அந்தப் பிடிப்பு கோப்பில் வருவதில்லை. பதில் மட்டும் வந்த நேரத்தில் தனியாக நிற்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா தவறிய செய்திக்கு நேர் கீழே மில் மாமா "சூப்பர், எங்க பார்சல் எப்போ?" என்று கேட்டிருந்தார். அவர் கேட்டது ஒரு மணி நேரம் முன்பு வந்த பால்கோவா படத்துக்கு. இதையெல்லாம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால்தான் நகர்த்த வேண்டும்.

பழைய படங்கள் தனி வழக்கு. அத்தை தன் 1976 கல்யாணப் படத்தை 2021இல் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். கல்யாணம் நடந்த வருஷத்தில் வைப்பதா, அனுப்பிய வருஷத்தில் வைப்பதா? அண்ணன், வாழ்க்கை வரிசைதான் வரிசை என்றான். நான் அனுப்பிய இடத்திலேயே விட்டுக் கீழே 1976 என்று போட்டேன். அந்தப் படத்தின் கீழே "மாமாவுக்கு அப்பவே முடி இல்ல" என்று தொடங்கி நாற்பது செய்திகள் இருக்கின்றன. படத்தை முன்னால் தூக்கிவிட்டால் மாமாவின் தலை அந்தரத்தில் நிற்கும்.

அளவும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் படத்தைப் பிழிந்துதான் அனுப்புகிறது. எங்களுடையவற்றில் பெரும்பாலானவை நீளவாக்கில் 1600 புள்ளிகள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் ஐந்தே கால் அங்குலம் வரை தெளிவாக நிற்கும். ஏ5 தாளில் ஓரம் விட்டால் அகலம் நாலரை அங்குலம்தான், ஆகவே சரியாகப் பொருந்தியது. ஏ4 கேட்ட அண்ணனிடம், அவன் கல்யாணக் கூட்டப் படத்தைத் தாள் முழுக்க இழுத்துக் காட்டினேன். மணமகன் யாரென்று அவனுக்கே தெரியவில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு முதலில் வேர்ட் கோப்பை அனுப்பினேன். அவர்களுடைய பழைய மென்பொருளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறி வந்தது. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கொடுத்ததும் சரியானது. ஆனால் முகபாவப் பொம்மைகள் எல்லாம் வெற்றுக் கட்டமாகிவிட, பொம்மையிலேயே பேசும் சின்ன அத்தைக்கு நான்கு பக்கம் கட்டம் கிடைத்தது. முக்கியமானதை மட்டும் பொறுக்கியும் கணக்கு எண்பத்து மூன்று பக்கம் வந்தது. பதினாறு பக்கத்துக்கு ஒரு பாரம் என்பதால் எண்பதுக்குள் வரவேண்டும். மூன்று பக்கப் பூ படங்கள் காவு போயின.

மாதிரிப் பிரதியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கம் போனதும் நிமிர்ந்தார்.

"யாருடா இது, 'கைமாத்து பெரியப்பா'?"

கோப்பில் வருவது எடுப்பவரின் போனில் பதிந்து வைத்த பெயர். நான் வைத்த பெயர்கள் அவ்வளவும் அச்சேறியிருந்தன. மில் மாமா பரவாயில்லை. 'போன் எடுக்காதே - சிவகிரி அத்தான்' என்பவரும் அறுபது இடத்தில் பேசியிருந்தார். பெயர் பதியாதவர்களின் எண்கள் அப்படியே இருந்தன. அன்றிரவே மாற்ற உட்கார்ந்தேன். வெறும் பெயரை மட்டும் தேடி மாற்றினால் பேச்சுக்குள் வருவதும் மாறிவிடும். முன்னால் உள்ள கோட்டையும் பின்னால் உள்ள முக்காற்புள்ளியையும் சேர்த்துத் தேட வேண்டும். `- கைமாத்து பெரியப்பா:` என்று.

பெரியப்பாவை அப்படித் திருத்தினேன், அத்தானைத் திருத்தினேன், களைப்பில் சித்தப்பாவை விட்டுவிட்டேன். நாற்பது பிரதியும் 'பால்கோவா சித்தப்பா' என்றே அச்சாகி வந்தன. விழாவன்று சித்தப்பா புத்தகத்தை மூடிவிட்டு, கோபப்படாமல் தன் போனை எடுத்து எங்கள் குரூப்பைத் திறந்து நீட்டினார்.

அவர் போனில் என் பெயர் 'கரண்ட் பில் ராஜபாளையம்'.