மேம்பாலத்துக்கு ஒரு யானை

நாவலை முடிக்கத் தெரியாதவர்களே காரணகாரியம் தேடுவார்கள். 1879-இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஆண்வேட ஞானாம்பாளுக்கு யானை மாலை போட்டது, ராஜாவானாள், சிறையிலிருந்த கணவன் மீண்டான். என்ன சிக்கனம்!

லிங்கராஜபுரத்து எழுத்தாள நண்பருக்கு இது புரியவில்லை. தன் நாவலில் பிரிந்த அண்ணனும் தங்கையும் மேம்பால நெரிசலில் சந்திக்கும் அருமையான முடிவை அடித்துவிட்டார். மூன்றாம் அத்தியாயத்தில் அண்ணன் அம்மாவின் வளையலை அடகு வைக்கிறானாம். தங்கை சீட்டை ஒளித்துவைக்கிறாளாம். கடைசியில் மீட்கப் போனால், வட்டி கட்ட வந்த அண்ணன் கொடுத்த முகவரி கிடைக்கிறது. போகிறாள். அவன் கதவைத் திறக்கவில்லை. வளையல் மட்டும் மீண்டதாம்!

“தற்செயல் சிக்கலைத் தொடங்கலாம், தீர்க்கக்கூடாது” என்கிறார்.

யானையைச் சிபாரிசு செய்யக் கிளம்பினேன். மேம்பாலத்தில் அவரே எதிரே வந்தார்.

“இந்தச் சந்திப்பு செல்லாது” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை முறுக்கினார்.